மருந்தடிக்கும் முன் படத்தைப் பாருங்கள்

மாடித்தோட்டம் புதிதாகத் தொடங்கிய தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். செல்போனில் கிளிப் லென்ஸை மாட்டி, செடியில் இருக்கும் பூச்சியை நெருங்கிப் படமெடுத்து, “இது நல்லதா கெட்டதா? என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கேட்கும் பழக்கம் உங்களிடம் வந்திருக்கிறது. நல்ல பழக்கம்தான். படங்களும் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றில் பூச்சி மட்டுமே இருக்கிறது. அது உட்கார்ந்திருந்த இலை இல்லை, பக்கத்தில் இருந்த அசுவினிக் கூட்டம் இல்லை, அளவு தெரிவதற்கு ஒரு பொருளும் இல்லை. மிச்சம் இருப்பது முகம் ஒன்றுதான். முள்ளும் கறுப்புமாக இருப்பதெல்லாம் பகை, புள்ளி வைத்து உருண்டையாக இருப்பதெல்லாம் நட்பு என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். பொறிவண்டுக் குடும்பத்தில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகப் போகும்.

1. முதலில் சாப்பாட்டைத் தேடுங்கள்.

ஒரு பூச்சி யார் என்பதை அதன் நிறம் சொல்வதைவிட அது நிற்கும் இடம் நன்றாகச் சொல்லும். காராமணிக் கொடியின் நுனியில் கறுப்பு அசுவினி அப்பிக் கிடக்கிறது, அதன் நடுவில் ஒரு புழு நடமாடுகிறது, புழுவைச் சுற்றி இலை கடிபடாமல் முழுதாக இருக்கிறது என்றால், அந்தப் புழு இலைக்காக வரவில்லை. இலையில் சுரண்டல் இருக்கிறது, ஓட்டை இருக்கிறது, புழுவின் எச்சம் சிதறிக் கிடக்கிறது, அசுவினியோ மாவுப்பூச்சியோ கண்ணுக்கு எட்டியவரை இல்லை என்றால், அது இலை தின்ன வந்தது. இதை மட்டும் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அசுவினி குடித்த இலையும் சுருளும், மஞ்சளாகும், பிசுபிசுக்கும். அந்தச் சுருட்டலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் பொறிவண்டுப் புழுவின் மேல் பழியைப் போடுவார்கள். சுருண்டு பிசுபிசுப்பது சாறு உறிஞ்சியதன் அடையாளம். கடித்துத் தின்றதன் அடையாளம் வேறு: இலையின் ஒரு பாகம் காணாமல் போயிருக்க வேண்டும்.

2. ஒரு பூச்சிக்கு மூன்று படம் எடுங்கள்.

முதல் படம் கொஞ்சம் தள்ளி நின்று, கிளை முழுவதும் தெரியும்படி. இரண்டாவது, அதே இலையின் மேற்புறமும் அடிப்புறமும். மூன்றாவதுதான் நெருக்கப் படம். அதையும் நேர் மேலிருந்து எடுக்காதீர்கள். போனை இலையின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் முதுகுதான் தெரியும். நமக்கு வேண்டியது கால்கள்.

அளவு தெரிய ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை இலையின் விளிம்பில் வைத்து, மில்லிமீட்டர் கோடுகளும் படத்தில் விழும்படி செய்யுங்கள். ஸ்கேல் இல்லையென்றால் ஒரு கடுகு போதும். மூன்று மில்லிமீட்டர் மாவுப்பூச்சியும் அதைப்போல் நான்கு மடங்கு நீளமான ஒரு புழுவும் திரையை நிறைத்தால் ஒன்றுபோலவே தெரியும். இந்த ஒரு காரணத்தாலேயே எத்தனையோ நல்ல புழுக்கள் சோப்புக் கரைசலில் போயிருக்கின்றன.

வெயில் நேராக விழுந்தால் குடையைப் பிடித்து நிழல் செய்யுங்கள். வெள்ளைப் பஞ்சு மூடிய பூச்சியாக இருந்தால், திரையில் அந்த வெள்ளையைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பஞ்சு முழுவதும் ஒரே வெளுப்பாகிவிடும். இழை நீளமா குட்டையா என்பதே தெரியாது. காற்றில் இலை ஆடினால் காம்பை இரண்டு விரலில் பிடித்துக்கொள்ளுங்கள். பூச்சியின் மேல் மூச்சு விடாதீர்கள். சில புழுக்கள் அப்படியே கீழே விழுந்துவிடும்.

3. பொறிவண்டின் பிள்ளை பொறிவண்டைப்போல் இருக்காது.

இதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். நம் ஊரில் அசுவினி இருக்கும் இடத்தில் அதிகம் தென்படுவது வளைகோட்டுப் பொறிவண்டு. மஞ்சளோ ஆரஞ்சோ கலந்த முதுகில் கறுப்பு வளைகோடுகள் ஓடும். சீலோமீனஸ் செக்ஸ்மாகுலேட்டா என்பது அதன் அறிவியல் பெயர். அதன் புழு நீண்டு, வால் பக்கம் ஒடுங்கி, ஒரு குட்டி முதலையைப்போல் இருக்கும். உடல் கருஞ்சாம்பல் நிறம், அதில் வெளிர்மஞ்சள் அல்லது வெள்ளைத் திட்டுகள், வரிசையாகச் சிறு முடிச்சுகள், அந்த முடிச்சுகளில் மயிர். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடிக் கால்கள் உடலைவிட்டு வெளியே நன்றாக நீண்டிருக்கும். படத்தில் தேட வேண்டியது இந்தக் கால்களைத்தான். இரை தேடி ஓடுகிற புழுவுக்கு நீளமான கால் வேண்டும். இலையிலேயே உட்கார்ந்து தின்கிற புழுவுக்கு அது தேவையில்லை.

கால்கள் தெளிவாகத் தெரியவில்லையென்றால் நடத்தையைப் பாருங்கள். ஒரு நிமிடம் வீடியோ எடுத்தால் போதும். இலையின் மேல் தலையை அசைத்து அசைத்துத் துழாவிக்கொண்டு வேகமாக நடந்தால் வேட்டைக்காரப் புழு. முட்டையிலிருந்து வந்த நாளிலிருந்து கூட்டுப்புழு ஆகும்வரை நான்கு பருவங்கள், ஏறக்குறைய பத்து நாள். கடைசிப் பருவத்தில்தான் தீனி அதிகம். அந்தப் பருவத்தில்தான் அது பெரிதாகவும் பயமாகவும் தெரியும். அதனால்தான் மிக அதிகமாகச் சாப்பிடும் நாளில் அதை நசுக்கிவிடுகிறோம்.

4. வெள்ளைப் பஞ்சுக்குள் இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி அல்ல.

எங்கள் தெருவில் புதிதாகச் செடி வளர்க்கும் ஒரு பெண் செம்பருத்தியின் படம் ஒன்றை அனுப்பினாள். திரை முழுவதும் வெள்ளைப் பஞ்சு, அதில் நீளநீளமாக இழைகள். “பெரியப்பா, இதுதான் தாய் மாவுப்பூச்சியா? இதைக் கொன்றால் மற்றதெல்லாம் போய்விடுமா?” என்று கேட்டிருந்தாள். சந்தேகம் நியாயமானது. அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவளைச் சில வேலைகள் செய்யச் சொன்னேன். வரிசையாகச் சொல்கிறேன், நீங்களும் இப்படியே செய்யலாம்.

முதலில் ஸ்கேல். பஞ்சுக் கூட்டத்தில் பெரும்பாலானவை மூன்று மில்லிமீட்டர்தான். அவள் படமெடுத்ததும் அதன் பக்கத்தில் இன்னொன்றும் மட்டும் பத்து மில்லிமீட்டரைத் தாண்டின. செம்பருத்தியில் வருகிற மாவுப்பூச்சி அவ்வளவு நீளத்துக்கு வளராது. பெரிய வெள்ளையைப் பார்த்ததும் தாய் என்று நினைக்கிறோம். இங்கே பெரியது வேறு சாதி.

அடுத்து, இழைகள். மாவுப்பூச்சியின் மேல் மாவு தூவியது போன்ற பூச்சுதான் இருக்கும்; ஓரத்தில் இழை இருந்தாலும் குட்டையாக இருக்கும். சில வகைகளில் வால் பக்கம் மட்டும் நீளும். அவள் படத்தில் இருந்ததில் முதுகு முழுவதும் தடித்த மெழுகு இழைகள், ஒன்று நீளம் ஒன்று குட்டை, தாறுமாறாக நிமிர்ந்து நின்றன.

பிறகு போனை அசைக்காமல் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுக்கச் சொன்னேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் சின்னவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. பெரியவை இரண்டும் இடம் மாறியிருந்தன. வளர்ந்த மாவுப்பூச்சி அலகைத் தண்டுக்குள் இறக்கிச் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும், சும்மா நடமாடாது.

கடைசியாக, பல் குத்தும் குச்சியால் ஒன்றை மெல்லப் புரட்டி அடிப்புறத்தைப் படமெடுத்தாள். நன்றாக நீண்ட ஆறு கால்கள், முன்னால் தனியாகத் தெரியும் தலை, கடிக்கும் வாய். மாவுப்பூச்சியைப் புரட்டினால் தட்டையான மென்மையான வயிறும் குட்டைக் கால்களும்தான் தெரியும். தலை தனியாகப் பிரிந்து தெரியாது.

ஆக, அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் பிழைப்பு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898இல் காபித் தோட்டப் பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நம் தென்னிந்தியத் தோட்டங்களில் மாவுப்பூச்சி இருக்கும் இடம் தேடி அதுவே வருகிறது. வளர்ந்த வண்டு நான்கு மில்லிமீட்டர் இருக்கும். புள்ளி கிடையாது. கறுத்த முதுகு, ஆரஞ்சு நிறத் தலை, முதுகின் கடைசி நுனியிலும் ஆரஞ்சு. புள்ளி இல்லாததால் அதையும் பொறிவண்டு என்று யாரும் மதிப்பதில்லை.

அந்தச் செம்பருத்திக்கு நான் சொன்ன வைத்தியம் இவ்வளவுதான்: சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும் இந்தக் கிளைக்கு வேண்டாம், பஞ்சைச் சுரண்டியும் எடுக்க வேண்டாம். மாவுப்பூச்சியின் முட்டைப் பஞ்சுக்குள்தான் தாய் வண்டும் தன் முட்டையை வைக்கும். தண்டின் அடியில் ஏறிக்கொண்டிருந்த எறும்பு வரிசையை மட்டும் நிறுத்தச் சொன்னேன். துணியை எண்ணெய்க் கிரீஸில் தோய்த்து அடித்தண்டில் கட்டினால் போதும். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். முட்டையிட வருகிற வண்டை விரட்டும். இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் புழு கூட்டுப்புழுவாகி, வண்டாகி வரும். அதற்குள் நுனிக்குருத்துகள் சில சுருண்டு போகும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் சில சமயம் மூன்றாவது ஆள் ஒருவரும் இருப்பார். மாவு அப்பிய தட்டையான புழு, மேலிருந்து பார்த்தால் காலே தெரியாது, மெதுவாக நகரும். அது ஸ்பால்ஜிஸ் என்ற பட்டாம்பூச்சியின் புழு. பட்டாம்பூச்சிப் புழு என்றால் இலைதான் தின்னும் என்று நினைப்போம்; இது மாவுப்பூச்சியைத் தின்னும். இதன் கூட்டுப்புழுவை எப்போதாவது பார்த்தால் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குரங்கின் முகம் அப்படியே வரைந்த மாதிரி இருக்கும்.

5. கத்தரிச் செடியில் மட்டும் புள்ளி வண்டை நம்பாதீர்கள்.

பொறிவண்டுக் குடும்பத்திலேயே இலை தின்னும் கிளை ஒன்று உண்டு. எபிலாக்னா வண்டு என்பார்கள். கத்தரி, சுண்டை, பாகல் இவற்றில் வரும். மேலோட்டமாகப் பார்த்தால் அசல் பொறிவண்டு. செம்பழுப்பு முதுகில் பன்னிரண்டோ இருபத்தெட்டோ கறுப்புப் புள்ளிகள். ஆனால் புள்ளியை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், பளபளப்பைப் பாருங்கள். டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்துப் படமெடுத்தால், அசுவினி தின்னும் வண்டின் முதுகில் விளக்கொளி கண்ணாடியில் விழுந்ததுபோல் ஒரு புள்ளியாக மின்னும். எபிலாக்னாவின் முதுகில் நுண்ணிய மயிர் மூடியிருப்பதால் ஒளி மங்கிப் பரவும். படத்தைப் பெரிதாக்கினால் அந்த மயிரே தெரியும்.

இதன் புழு மஞ்சள் நிறம், தடித்த உடல். உடல் முழுவதும் முள், ஒவ்வொரு முள்ளும் கிளைவிட்டிருக்கும். நடை மெதுவாக இருக்கும். இலையின் அடிப்புறத்தில் இருந்துகொண்டு பச்சையைச் சுரண்டித் தின்னும்; நரம்பும் மெல்லிய தோலும் மட்டும் வலையாக நிற்கும். அந்தச் சல்லடை இலையும் கிளைத்த முள்ளும் ஒரே படத்தில் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். காலையில் இலை அடியிலிருந்து புழுவையும் முட்டையையும் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பத்துப் பதினைந்து செடிக்கு இது போதும்.

கத்தரியிலும் அசுவினி வரும், அதைத் தேடி நல்ல பொறிவண்டும் வரும். செடியின் பெயரை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். முதலில் சொன்ன சாப்பாட்டு விதி இங்கேயும் உண்டு.

6. கால் இல்லாத புழுவைப் பார்த்தால் கையை நிறுத்துங்கள்.

அசுவினிக்கு நடுவில் பச்சையாகவோ பழுப்பாகவோ, உள்ளிருப்பது தெரியும் தோலோடு, முன்பக்கம் கூராகவும் பின்பக்கம் தடித்தும் ஒரு புழு நெளியும். உடனே பச்சைப்புழு என்று பிடுங்கி எறிவார்கள். பக்கவாட்டுப் படத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். இலை தின்னும் பச்சைப்புழுவுக்குத் தனித் தலை இருக்கும், தலைக்குப் பின்னால் ஆறு கால்கள் இருக்கும், வயிற்றின் அடியில் சதைக் கால்களும் இருக்கும். இதற்குத் தலையும் தனியாகத் தெரியாது, காலும் இல்லை. இது சிர்ஃபிட் ஈயின் புழு. அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று பறக்கும், தேனீயைப்போல் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட சிறிய ஈயைப் பூக்களில் பார்த்திருப்பீர்கள்; அதன் பிள்ளை. கொஞ்ச நேரம் காத்திருந்தால் அசுவினி ஒன்றை அலகில் தூக்கிப் பிடித்து உறிஞ்சுவதையே படமெடுக்கலாம்.

7. நடக்கும் குப்பையும் நூலில் நிற்கும் முட்டையும்.

கண்ணாடி இறக்கைப் பூச்சியின் சில வகைப் புழுக்கள், தின்று போட்ட அசுவினித் தோலையும் பஞ்சையும் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். படத்தில் ஒரு குப்பை உருண்டைதான் தெரியும். முன்பக்கம் அரிவாள்போல் வளைந்த இரண்டு தாடைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான். அதன் முட்டை மெல்லிய காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக நிற்கும்; பூஞ்சாணம் என்று துடைத்துவிடாதீர்கள்.

8. அசையாமல் இருப்பதைச் செத்தது என்றும் நோய் என்றும் எண்ணாதீர்கள்.

பொறிவண்டின் கூட்டுப்புழு வால் நுனியால் இலையில் ஒட்டிக்கொண்டு, ஆரஞ்சு மஞ்சளில் கறுப்புப் புள்ளிகளோடு அசையாமல் கிடக்கும். நோய்க் கட்டி என்று கிள்ளி எறிகிறார்கள். ஒட்டிய இடத்தில் கசங்கிய பழைய தோல் தெரியும். புல் நுனியால் தொட்டால் சிலது விருட்டென்று தலையைத் தூக்கும். எபிலாக்னாவின் கூட்டுப்புழுவும் இதே மாதிரி ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் கசங்கிய தோலில் அந்த முட்கள் அப்படியே நிற்கும்.

இன்னொன்று, அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் ஊதி, தவிட்டு நிறமாகி, காகிதம்போல் காய்ந்திருக்கும். அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் பிள்ளை வளர்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் அது வெளியே போய்விட்டது என்று பொருள். மாவுப்பூச்சியிலும் இப்படி உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தெரியவந்து, பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் படுத்தியது. 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவியை உங்கள் கிளிப் லென்ஸில் பிடிப்பது கடினம். ஊதிக் காய்ந்து ஓட்டை விழுந்த மாவுப்பூச்சியைப் பிடிக்கலாம். ஒரு கூட்டத்தில் அப்படிப் பாதி தெரிந்தால் அந்தச் செடிக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

9. முட்டையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

அசுவினி தின்னும் பொறிவண்டும் எபிலாக்னாவும் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக, நட்டு வைத்ததுபோல் நிமிர்த்தி இடும். படத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன் என்பவரை நான் நம்புவதில்லை. பக்கத்தில் அசுவினி இருந்தால் விட்டுவிடுங்கள். சல்லடை இலை இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த இலைக்கு ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்து, தினமும் ஒரு படம் எடுங்கள். நாலைந்து நாளில் பொரிந்துவிடும். பிறகு புழுவே சொல்லும். புதிதாகப் பொரிந்த புழுக்களும் ஒரு நாள் முட்டை ஓட்டைச் சுற்றியே கூட்டமாக நிற்கும். அப்போதும் அவசரப்பட வேண்டாம்.

10. கரைசல் ஆள் பார்த்துக் கொல்லாது.

சோப்பும் எண்ணெயும் கலந்த கரைசல் இயற்கை மருந்து என்பதால் நல்ல பூச்சியை விட்டுவிடும் என்று நினைக்கிறீர்கள். நனைந்த மென்னுடல் எதுவாக இருந்தாலும் அதற்கு ஆபத்துதான். அடித்தே ஆக வேண்டும் என்றால், படத்தில் நல்ல புழு இல்லை என்று உறுதியான கிளைக்கு மட்டும், மாலையில் அடியுங்கள்.

யாராவது உங்களிடம் படம் அனுப்பிக் கேட்டால், ஒரே படத்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்லிவிடாதீர்கள். கிளையும் இலையின் அடிப்புறமும் ஸ்கேலும் சேர்த்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அது வந்து சேரும்வரை மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.